பதிவகத்தில் இருந்த இன்னொரு பிரதி

குண்டசாலைக்குப் போகும் பெரிய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் குழாய்நீர் இணைப்பு வந்தபோது எல்லா வீட்டுக்காரர்களும் விண்ணப்பம் நிரப்பினார்கள். டிலானியும் நிரப்பினாள். கேட்டவையெல்லாம் கைவசம் இருந்தன, ஒன்றைத் தவிர. காணி யாருடையது என்று எழுதிய உறுதியின் பிரதி.

உறுதி அம்மாவின் அலுமாரியில், மேல்தட்டில், நீல நிறக் கோப்பு ஒன்றில் இருந்தது. இருந்தது என்றுதான் எட்டு வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வேலைவிட்டு வந்து கதிரை போட்டு ஏறிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு சேலைகள், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அப்பாவின் சேமலாப நிதிக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. நீலக் கோப்பு இல்லை. வீடு சின்னது. இரண்டு அறையும் ஒரு குசினியும்தான். ஞாயிற்றுக்கிழமை முழுதும் கட்டிலைக்கூடப் புரட்டித் தேடினாள். உறுதியும் அதோடு இருந்த நில அளவைப் பிளானும் ஒன்றாகவே போயிருந்தன.

தேடி முடித்துத் தரையில் உட்கார்ந்தபோது ஒரே ஒரு பெயர்தான் மனதில் வந்தது. சுதேஷ். அவளுடைய ஒரே அண்ணன்.

அவளைவிடப் பதினொரு வயது மூத்தவன். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்பா வீரையா தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் வேலை செய்து, சேர்த்ததையெல்லாம் போட்டு இந்தப் பன்னிரண்டு பேர்ச் காணியை வாங்கினார். வாங்கிய கையோடு அதை மகள் பெயருக்கு எழுதினார். டிலானிக்கு அப்போது பதினொரு வயது. 'வீடு உன் பேர்ல இருக்கு' என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். உறுதியை அவள் விரித்துப் பார்த்ததுகூட இல்லை. அது சிங்களத்தில் இருந்தது. அவளுக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரும், எழுத்துக்கூட்டிப் பஸ் பெயர்ப்பலகை வாசிக்கலாம். அதற்கு மேல் வராது.

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் முடிந்த அன்று, கொழும்புப் பக்கம் வத்தளையிலிருந்து வந்திருந்த அண்ணன் சொன்னான்: "நீ தனியா இங்க என்ன செய்யப் போற. வீட்ட வித்துட்டு எங்ககூட வந்து இரு."

அதற்கு அவள் சொன்ன பதில்தான் எட்டு வருடத்துக்கும் போதுமானதாக இருந்தது. "அண்ணே, உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த வீட்டு மேலதான் கண்ணு."

அவன் அண்ணியிடம் பையை எடுக்கச் சொன்னான். அன்று மத்தியானமே போய்விட்டார்கள். அதன் பிறகு இவளும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. போகும்போது அலுமாரி இருந்த அறையில்தான் அவர்கள் பை கட்டினார்கள் என்பது இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் உடுப்பில் குறை பார்த்து ஒதுக்குவது. வரிசையில் நாற்பது பேர் இருந்தாலும் மெஷின் சத்தத்தில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. உறுதியின் பிரதி கிடைக்கும் காணிப் பதிவகம் சனிக்கிழமை திறக்காது, ஆகவே லீவு போட வேண்டும். மேற்பார்வையாளர் "வீட்டில ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். விசேஷம் நடக்க வீட்டில் ஆள் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு, "காணி விசயம் சேர்" என்றாள்.

முதலில் போனது பொலிசுக்கு. தொலைந்ததைப் பதிந்து வைக்கும்படி கிராம சேவகர் சொல்லியிருந்தார். மேசைக்குப் பின்னாலிருந்த சார்ஜன்ட் பொறுமையானவர். பெரிய புத்தகத்தில் அவள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினார்.

"வீட்டில் வேறு யார்?"

"யாரும் இல்லை."

"உறுதியின் இலக்கம்?"

"தெரியாது."

"உறுதியை எழுதிப் பதிந்த நொத்தாரிசு யார்?"

"தெரியாது. கண்டியில் யாரோ."

சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா? எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று?"

சுதேஷ் என்ற பெயர் அவள் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவர் எழுதுவார். எழுதினால் வத்தளைப் பொலிசிலிருந்து அண்ணன் வீட்டு வாசலுக்கு ஆள் போகும். அவனுடைய மகள் கதவைத் திறப்பாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினாறு இருக்கும், கடைசியாகப் பார்த்தபோது பல் விழுந்து கிடந்தது.

"இல்லை" என்றாள். "தொலைந்துவிட்டது. அவ்வளவுதான்."

முறைப்பாட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காணிப் பதிவகத்தில் முதல் நாள் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கருமபீடத்தில் இருந்த பெண் கேட்டதும் சார்ஜன்ட் கேட்டதேதான். உறுதி இலக்கம், எழுதிய தேதி, நொத்தாரிசின் பெயர். இந்த மூன்றும் இருந்தால்தான் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் காணியைப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அந்த மூன்றையும் எடுக்க வேண்டும். தேடுவதற்குக் காணியின் பெயராவது வேண்டும். டிலானிக்குத் தன் காணிக்கு ஒரு பெயர் இருப்பதே அன்றுதான் தெரியும்.

அவள் திரும்பி நடந்தபோது, பதிவேடு பார்க்கும் நீளமான மேசையிலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது.

"அக்கா, எந்தப் பக்கம் காணி?"

முப்பது வயது மதிக்கத்தக்க பெண். முன்னால் ஒரு தடித்த புத்தகமும் பென்சிலும். நிலூஷா என்று பெயர் சொன்னாள். கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞர். காணி வாங்குபவர்களுக்காக உறுதி வரலாறு தேடுவது அவள் தினசரி வேலை.

டிலானி சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஒரே பெரிய காணிய துண்டு துண்டா பிரிச்சு வித்திருப்பாங்க அக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க உறுதிய பாருங்க. அதுல காணிட பேரு, பிளான் நம்பர், அவங்க துண்டு நம்பர் எல்லாம் இருக்கும். பதிவான தொகுதியும் பக்கமும் முத்திரையில எழுதியிருப்பாங்க. அத வெச்சு உங்க துண்ட புடிச்சிரலாம்."

"அதெல்லாம் அவங்க காட்டுவாங்களா?"

"கேட்டுப் பாருங்க. கேட்காட்டி எப்படி தெரியும்."

பக்கத்து வீடு பஸ்லினாவுடையது. அக்குறணையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், கணவர் கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது வருடம் இருந்தும், டிலானி அந்த வீட்டுக்குள் போனது பெருநாளுக்கு ஒரு தடவையும் மையித்து அடக்கத்துக்கு ஒரு தடவையும்தான். பஸ்லினா கேட்டவுடன் உள்ளே போய் உறுதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"என்னத்துக்கு இவ்வளவு தயங்குறீங்க. உங்கட துண்டுதானே எங்கட கிழக்கு எல்லை, இதுல ஈக்கும். ஃபோட்டோ எடுத்துட்டுப் போங்க." பிறகு கேட்டார், "நாநா ஒருத்தர் ஈந்தாரே, வத்தளையில. அவர்ட சென்னீங்களா?"

"இல்ல, அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல" என்றாள் டிலானி. பஸ்லினா வேறொன்றும் கேட்காமல் தேத்தண்ணி போட எழும்பினார்.

அடுத்த லீவு கிடைக்கப் பதினைந்து நாள் ஆனது. இந்தத் தடவை தேடுதல் விண்ணப்பத்தில் காணியின் பெயர், கிராமம், பிளான் இலக்கம் எல்லாவற்றையும் நிலூஷா சொல்லச் சொல்ல நிரப்பினாள். கட்டணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து அலுவலக ஊழியர் ஒருவர் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். ஓரம் உதிர்ந்த, துணி ஒட்டிய பெரிய புத்தகம். பஸ்லினாவின் நான்காம் துண்டு இருந்த பக்கத்தில், மூலக் காணி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், அங்கிருந்து மற்றத் துண்டுகள் எங்கே கொண்டுசெல்லப்பட்டன என்று பார்த்து முன்னால் வந்து, மூன்றாவது பக்கத்தில் நிலூஷாவின் பென்சில் நின்றது.

"அஞ்சாம் துண்டு. பன்னிரண்டு பேர்ச். இதுதானே?"

டிலானி குனிந்து பார்த்தாள். கையால் எழுதிய சிங்கள எழுத்துகள். எழுத்துக்கூட்டினாள். அப்பாவின் பெயர் வந்தது. பக்கத்துக் கட்டத்தில் அவள் பெயர்.

அந்தப் பக்கத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன. முதலாவது, அப்பா வாங்கியது. இரண்டாவது, அப்பாவும் அம்மாவும் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை ஒதுக்கிவைத்துவிட்டு மகளுக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 1994ஆம் ஆண்டு. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் பக்கத்திலேயே இருந்தன. நிலூஷா மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தாள்.

"அதுக்குப் பொறகு ஒண்ணும் இல்லையா?" டிலானி கேட்டாள்.

"என்ன அக்கா?"

"யாராவது... அடகு வெச்சது, வித்தது, வழக்கு, அப்படி?"

நிலூஷா பக்கத்தின் வெற்றிடத்தில் விரலை ஓட்டிக் காட்டினாள். "சுத்தமா இருக்கு. முப்பது வருசமா இந்தப் பக்கத்த யாரும் தொடல. உங்க உறுதி யார் கையில இருந்தாலும் ஒண்ணும் செய்யல."

டிலானி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக அண்ணனைப் பற்றி அவள் மனதில் எழுதி வைத்திருந்தது எதுவும் அங்கே இல்லை.

"இந்த நொத்தாரிசு இப்ப உயிரோட இல்லாட்டியும் பிரதி கிடைக்குமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உறுதி எழுதினா மூலம் உங்களுக்கு, இரண்டாம் பிரதிய பதிவகத்துக்கு அனுப்பணும், இன்னொன்னு நொத்தாரிசோட கோப்புல. இங்க உள்ள இரண்டாம் பிரதியிலேர்ந்துதான் உங்களுக்கு எடுத்துக் குடுப்பாங்க, பதிவாளர் கையெழுத்தும் சீலும் போட்டு. ஆனா ஒண்ணு, மூல உறுதின்னு இன்னொன்ன யாரும் எழுதித் தரமாட்டாங்க. இனி உங்களுக்கு இதுதான். பொலிஸ் என்ட்ரிய பத்திரமா வெச்சிக்கோங்க. தண்ணிக்கு அது தேவைப்படாது. நாளைக்கு விக்கப் போனாலோ யாருக்கும் எழுதிக் குடுக்கப் போனாலோ, மூலம் எங்கன்னு கேப்பாங்க. அப்ப அதையும் வெச்சு, தொலைஞ்சதுன்னு ஒரு சத்தியக் கடதாசியும் முடிக்கச் சொல்லுவாங்க."

'யாருக்கும் எழுதிக் குடுக்கப் போனாலோ.' டிலானியின் மனம் அந்த இடத்திலேயே நின்றது. நாற்பத்திரண்டு வயது. கலியாணம் இரண்டு தடவை பேசிக் கைவிட்டுப் போனது. அவளுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மூன்றாவது வரியாக யாருடைய பெயர் வரும் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

பிரதிக்கான விண்ணப்பத்தை நிரப்பி, அடையாள அட்டையைக் காட்டிப் பணம் கட்டினாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்று வாங்கி, உட்கார இடமில்லாமல் கடைச் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டாள். பக்கத்தில் ஒரு குடும்பம் ஒரே பார்சலை மூன்று பேர் பிரித்துச் சாப்பிட்டது. அவளுடையதில் பாதி மிஞ்சியது.

பிரதி வாங்கப் போன வியாழக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஆறு பக்கங்கள், ஓரத்தில் தைத்து, கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும். டிலானி அதைப் பொலித்தீன் உறையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். தண்ணீர்ச் சபைக்கு அது போதும். ஆனால் நிலூஷா மேசையில் இருந்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுவீங்களா. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

நிலூஷா கைவேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாசித்தாள். சிங்களத்தில் ஒரு வரி, பிறகு தமிழில். எல்லைகள், துண்டு இலக்கம், மகள்மேல் வைத்திருக்கும் அன்பின் காரணமாகத் திரும்பப் பெற முடியாத நன்கொடையாக. டிலானிக்கு அந்த வார்த்தைகள் அப்பாவின் வாயில் பொருந்தவில்லை. அவர் அன்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

நான்காம் பக்கத்தில் நிலூஷா நிறுத்தினாள்.

"நீங்க அப்ப சின்னப் பிள்ளைதானே. அதனால உங்களுக்காக ஒருத்தர் நன்கொடைய ஏத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கார். யாராவது பெரியவங்க ஏத்துக்கிட்டாத்தான் செல்லும்."

"அம்மாவா?"

"இல்ல. சுதேஷ். மேற்படி சிறுமியின் சகோதரன். 'எனது தங்கையின் சார்பாக இந்த நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.'" நிலூஷா தாளைத் திருப்பிக் கடைசிக்கு முந்தைய பக்கத்தைக் காட்டினாள். "இதோ, கையெழுத்து."

அப்பாவின் கையெழுத்து கோணலாக இருந்தது. அதற்குக் கீழே தமிழில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் ஒவ்வோர் எழுத்தாக, வீ. சுதேஷ். பிரதி எடுத்ததில் மை பரவியிருந்தாலும் கடைசி எழுத்தின் புள்ளி அழுத்தமாக விழுந்திருந்தது.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தனக்கு ஒரு பேர்ச்சும் வராது என்று தெரிந்துகொண்டு, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கைக்காக வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதைப் பற்றி ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அவள் அந்த வார்த்தையைச் சொன்ன அன்றுகூட.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" நிலூஷா கேட்டாள்.

"வேணாம். ஒண்ணும் இல்ல."

படியிறங்கி வந்து மழைக்கு ஒதுங்கி நின்று, போனில் பழைய இலக்கத்தைத் தேடி எடுத்தாள். அழுத்தினாள். நான்கு தடவை மணியடித்து நின்றுபோனது. திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை. வீட்டுப் பக்கம் போகும் திகன பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல்கம்பியைப் பற்றி நின்றாள்.

பாலத்தைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது. கம்பியை விட்டு எடுத்தாள்.

"யாரு?" அண்ணனின் குரல்தான். கொஞ்சம் தடித்துப் போயிருந்தது.

"நான்தான் அண்ணே. டிலானி."

"என்ன ஆச்சு? சுகமில்லையா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கேன். வீட்டு உறுதி தொலைஞ்சிருச்சு. காணிப் பதிவகத்துல போயி பிரதி எடுத்தேன்."

"தொலைஞ்சிருச்சா? அம்மா அலுமாரியிலதானே இருந்துச்சு, நீலக் கவர்ல?"

"இல்ல. எங்கன்னு தெரியல."

தன்னைச் சந்தேகப்பட்டுத்தான் கூப்பிடுகிறாளோ என்று அவன் நினைக்கக்கூடும் என்று அவளுக்குப் பட்டது. அவசரமாகச் சொன்னாள்: "அதுல உங்க கையெழுத்து இருக்கு அண்ணே. எனக்காக ஏத்துக்கிட்டதா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதுவா" என்றான் சுதேஷ். "அம்மாவுக்கு கையெழுத்து போட வராது. நொத்தாரிசு, மூத்தவன் இருக்கானே அவன் ஏத்துக்கட்டும்னாரு. வேலை செஞ்ச கடையில பொய் சொல்லிட்டு ஓடி வந்தேன். நீ வெளிய படியில தூங்கிட்டு இருந்த. எழுப்பாதீங்கன்னு அப்பா சொன்னாரு."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"அப்ப எனக்கு வேலை இருந்துச்சு. உனக்கு என்ன இருந்துச்சு." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இவ்வளவு பேருக்கு நடுவில் அதைச் சொல்ல வரவில்லை. "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினாள். பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது, நடத்துனர் எதையோ கத்தினார்.

"சத்தமா இருக்கு, ஒண்ணும் கேக்கல" என்றான் அவன். கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் வேலையில இருக்கேன். பொறகு எடுக்கிறேன்."

"தீபாவளிக்கு வருவீங்களா?"

"புள்ளைக்கு ஸ்கூல்ல சோதனை இருக்கு. இந்த வருசம் ஏலாது." கொஞ்சம் இழுத்து, "அவ பேசணும்னு கேப்பா சில நேரம், அத்தை எப்படியிருப்பாங்கன்னு. நம்பர குடுக்கிறேன்" என்றான். போன் நின்றது.

நீலக் கோப்பு எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது. அம்மாவின் சாமான்களை ஏறக்கட்டிய நாளில் பழைய கடதாசியோடு கடதாசியாக அவளே எரித்திருக்கலாம். யாரையும் கேட்க முடியாது.

வெளியே பார்த்தபோது பஸ் அவளுடைய ஒழுங்கையைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் வந்திருந்தது. மணியடித்து இறங்கினாள். தூறல் விட்டிருந்தது. தொழிற்பேட்டையிலிருந்து வேலைவிட்டுப் போகிறவர்கள் கும்பல் கும்பலாக எதிரே வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, வீதி ஓரமாக, வந்த பக்கமே நடக்கத் தொடங்கினாள். போனைக் கைப்பைக்குள் போடவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.